இரண்டு சவரன் சங்கிலிக்கு இரண்டு விலை

தி.நகர் உஸ்மான் சாலையில் இன்று 16 கிராம் சங்கிலி ஒன்றை வாங்கி, நாளை அதே கடையில் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும்? தங்க விலை ஒரு ரூபாய்கூட மாறவில்லை, சங்கிலி கழுத்தில் ஏறவே இல்லை என்றாலும், கொடுத்த பணத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு திரும்பி வராது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பில்லிலேயே எல்லாம் அச்சாகியிருக்கும். அந்தப் பணம் பில்லின் எந்த இடத்தில் போகிறது என்று வாங்கும்போதே பார்த்துவிட்டால், அதில் ஒரு பகுதியை வாங்கும்போதும் இன்னொரு பகுதியை விற்கும்போதும் காப்பாற்றலாம்.

கணக்கு எளிதாக இருக்க, 22 கேரட் ஆபரணத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சங்கிலியின் எடை 16 கிராம், அதாவது 2 சவரன். சேதாரம் 12 சதவீதம். சென்னையில் சேதாரத்தைப் பெரும்பாலும் கிராமாகவே கணக்கிடுவார்கள். 16 கிராமுக்கு 12 சதவீதம் 1.92 கிராம். ஆக, 17.92 கிராமுக்கான விலையை வாங்குபவர் தருகிறார். கையில் வருவது 16 கிராம். 17.92 கிராமுக்கு 1,79,200 ரூபாய். அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 5,376 ரூபாய். ஹால்மார்க் கட்டணம் நகை ஒன்றுக்கு 45 ரூபாய், அதற்கான வரியும் சேர்த்து 53 ரூபாய். மொத்தம் 1,84,629 ரூபாய்.

மறுநாள் விற்கப் போனால் கடைக்காரர் 16 கிராமை மட்டுமே பார்ப்பார். தங்கள் கடை நகைதான், பில்லும் இருக்கிறது என்றாலும், காசாக வாங்கிக்கொள்ள எடையில் 2 சதவீதம் கழிப்பதாக வைத்துக்கொண்டால், 15.68 கிராமுக்கு 1,56,800 ரூபாய் கிடைக்கும். குறைவது 27,829 ரூபாய். இதில் சேதாரம் 19,200, வரி 5,376, ஹால்மார்க் 53, திரும்ப வாங்கும் கழிவு 3,200.

போட்ட பணம் அப்படியே திரும்ப வேண்டுமானால் கிராம் விலை சுமார் 11,775 ரூபாயைத் தொட வேண்டும். அதாவது தங்கம் கிட்டத்தட்ட 18 சதவீதம் ஏறிய பிறகுதான் இந்தச் சங்கிலி 'முதலீடு' என்ற பெயருக்கே தகுதி பெறுகிறது. அதுவரை அது அணிந்துகொள்ளும் பொருள்தான். அணிவதற்காக வாங்குகிறவர்களுக்கு இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. சேமிப்புக்கு என்று சொல்லிக்கொண்டு வேலைப்பாடு மிகுந்த நகை வாங்குகிறவர்கள்தான் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

சேதாரம் என்ற சொல்

பத்தர் உமியோட்டில் தங்கத்தை உருக்கி, கம்பியாக இழுத்து, அரம் கொண்டு ராவிய காலத்தில் பொடியாகவும் துகளாகவும் கொஞ்சம் தங்கம் உண்மையாகவே போனது. அந்த இழப்புக்குப் பெயர் சேதாரம். உழைப்புக்குத் தருவது செய்கூலி. இரண்டும் வேறு வேறு. இன்று இயந்திரத்தில் பின்னிய சங்கிலிக்கு 12 சதவீதத் தங்கம் எங்கும் சேதமாவதில்லை. பட்டறைகள் தரையைப் பெருக்கிய தூசியிலிருந்தும் கை கழுவிய தண்ணீரிலிருந்தும்கூடத் தங்கத்தை மீட்டுவிடுகின்றன. ஆகவே இப்போது சேதாரம் என்று பில்லில் இருப்பது செய்கூலியும் கடையின் லாபமும் சேர்ந்த தொகைதான். அதற்குத் தங்கத்தின் எடையாக வேடம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வேடத்தால் ஒரு விளைவு உண்டு. கிராம் 5,000 ரூபாயாக இருந்தபோது இதே சங்கிலியின் 12 சதவீதச் சேதாரம் 9,600 ரூபாய். கிராம் 10,000 ஆனதும் அது 19,200. சங்கிலி அதேதான், இயந்திரமும் அதேதான். கூலி மட்டும் தங்கத்தோடு சேர்ந்து இரட்டிப்பாகிவிட்டது. அதனால்தான் விலை ஏறிய காலத்தில் சேதாரத்தில் பேரம் பேசுவதற்கு முன்பைவிட அதிக இடமிருக்கிறது. அன்றைய தங்க விலையில் யாரும் பேரம் பேச முடியாது, சேதாரத்தில் பேசலாம். 12-ஐ 9 சதவீதமாகக் குறைக்க வைத்தால், வரியும் சேர்ந்து குறைவதால், நமது சங்கிலியில் மிஞ்சுவது 4,944 ரூபாய்.

கடைக்குக் கடை விளம்பரம் மாறும்போது ஒப்பிடுவதுதான் குழப்பம். முதல் கடை மேலே சொன்ன 12 சதவீதக் கடை. இரண்டாவது கடை, கிராமுக்கு 200 ரூபாய் தள்ளுபடி என்று பலகை வைத்திருக்கிறது. சேதாரம் 14 சதவீதம். மூன்றாவது கடையில் 'சேதாரமே இல்லை'. செய்கூலி மட்டும் கிராமுக்கு 1,350 ரூபாய். மூன்றையும் பார்த்தால் மூன்றாவது கடைக்குத்தான் கால் போகும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரே வழி: வரி, ஹால்மார்க் எல்லாம் சேர்த்த கடைசித் தொகையைக் கேட்டு, அதை நிகர எடையால் வகுத்துவிடுவது. முதல் கடையில் 1,84,629-ஐ 16-ஆல் வகுத்தால் கிராமுக்கு 11,539 ரூபாய். இரண்டாவது கடையில் மொத்தம் 1,84,168, கிராமுக்கு 11,510. மூன்றாவது கடையில் 1,87,101, கிராமுக்கு 11,694. சேதாரம் இல்லாத கடையில்தான் விலை அதிகம். அதிகச் சேதாரம் கேட்கும் இரண்டாவது கடை, தள்ளுபடியால், முதல் கடையைவிட 461 ரூபாய் மலிவாகிறது. சேதார சதவீதத்தை மட்டும் பார்த்து வந்தவர் அந்தக் கடைக்குள் நுழைந்திருக்கவே மாட்டார்.

கல் பதித்த நகைக்கு இந்த வகுத்தல் கணக்கு போதாது. ஓர் ஆரத்தின் மொத்த எடை 24 கிராம், அதில் கல்லும் அரக்கும் 4 கிராம் என்றால், தங்கம் 20 கிராம்தான். தங்கத்துக்கான விலையை 20 கிராமுக்குச் சரியாகப் போட்டுவிட்டு, சேதாரத்தை மட்டும் 24 கிராமுக்குப் போடுவது அடிக்கடி நடக்கிறது. சேதாரம் 16 சதவீதம் என்றால், 3.2 கிராமுக்குப் பதில் 3.84 கிராம் ஆகிவிடும்; 6,400 ரூபாய் கூடுதல். எஸ்டிமேட் சீட்டிலேயே சேதார கிராமை நிகர எடையால் வகுத்துப் பார்த்தால் பிடிபடும். கல்லுக்குத் தனியாகக் கொடுத்த பணம் விற்கும்போது அநேகமாகப் பூஜ்யம். சான்றிதழோடு வந்த வைரம் மட்டும் விலக்கு.

முத்திரையில் என்ன இருக்கிறது

தூய தங்கம் 24 கேரட். அது நகைக்கு மிக மென்மையானது என்பதால் செம்பும் வெள்ளியும் சேர்க்கிறார்கள். 24 பங்கில் 22 பங்கு தங்கம் என்றால் ஆயிரத்துக்கு 916. நமது 16 கிராம் சங்கிலியில் தூய தங்கம் சுமார் 14.67 கிராம். 18 கேரட்டுக்கு 750, 14 கேரட்டுக்கு 585. கல் நகைகளும் வைர நகைகளும் 18 கேரட்டில் வருவது அதிகம் என்பதால், அவற்றுக்கு 22 கேரட் விலை போட்டிருக்கிறார்களா என்று பில்லில் பார்ப்பது அவசியம்.

2021 ஜூலை 1-க்குப் பின் ஹால்மார்க் என்றால் மூன்று அடையாளங்கள்: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் முக்கோண வடிவச் சின்னம், 22K916 என்பது போன்ற தரக்குறி, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தருகிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண்ணான எச்.யு.ஐ.டி. முன்பெல்லாம் கடையின் குறியும் சோதனை மையத்தின் குறியும் நகையிலேயே இருந்தன. இப்போது அவை அந்த ஆறு இலக்கத்துக்குள் பதிவாக இருக்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைவான நகைக்குக் கட்டாயம் இல்லை. மூக்குத்தியிலும் குட்டித் தோட்டிலும் முத்திரை இல்லாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

முத்திரை கண்ணுக்கு எளிதில் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பிறகு கைபேசியில் BIS Care செயலியைத் திறந்து, Verify HUID பகுதியில் எண்ணை இட வேண்டும். பச்சையாக ஏதோ வந்துவிட்டது என்று மூடிவிடாமல், நகையின் வகை என்ன என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கையில் இருப்பது சங்கிலி, செயலியில் மோதிரம் என்று வந்தால், வேறொரு நகையின் எண்ணைப் பொறித்திருக்கிறார்கள் என்று பொருள். தரக்குறி, சோதனை மையம், கடையின் பதிவு விவரம் ஆகியவையும் அங்கே வரும்; கடை பெயர் வேறாக இருந்தால் காரணம் கேட்கலாம். மொத்த வியாபாரியிடமிருந்து முத்திரையோடு வாங்கி விற்பதும் உண்டு என்பதால், பெயர் மாறியதாலேயே அது போலி ஆகிவிடாது.

சங்கிலியில் முத்திரை பெரும்பாலும் கொக்கியிலோ அதை ஒட்டிய சிறு தகட்டிலோதான் இருக்கும். சில வருடம் கழித்துக் கொக்கி தேய்ந்து, தெருமுனைப் பட்டறையில் புதுக் கொக்கி மாற்றினால் முத்திரையும் போய்விடும். மோதிரத்தை அளவு குறைக்க வெட்டும்போதும் இதேதான். அதன் பிறகு அது சட்டப்படி ஹால்மார்க் நகை என்று காட்ட மிஞ்சுவது பில் ஒன்றுதான். கொக்கி மாற்றும்போது முத்திரை உள்ள துண்டை விட்டுவிட்டு மற்றதை மாற்றச் சொல்லலாம். முடியாவிட்டால் மாற்றும் முன் முத்திரையைப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

பில் என்பது எது

எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது. 3 சதவீத வரி மிச்சம் என்று வெள்ளைத் தாளில் எழுதித் தருவதும் பில் ஆகாது. நமது சங்கிலியில் அப்படி மிஞ்சுவது 5,376 ரூபாய். அதற்குப் பதிலாகக் கைவிடுவது தரத்துக்கான உத்தரவாதம், திரும்ப வாங்கும் வாக்குறுதி, பின்னாளில் வருமான வரிக்குக் காட்ட வேண்டிய கொள்முதல் விலை. கணக்குப் பார்த்தால் இது நஷ்டம்தான்.

ஹால்மார்க் நகைக்கான பில்லில் ஒவ்வொரு நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, கேரட்டும் ஆயிரத்துக்கான தர எண்ணும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும் என்று பி.ஐ.எஸ். விதி சொல்கிறது. இதோடு எச்.யு.ஐ.டி. எண், அன்றைய கிராம் விலை, சேதாரம், கல் எடை, கல்லின் விலை ஆகியவையும் வேண்டும். திருமணத்துக்கு ஐந்தாறு நகையை ஒரே பில்லில் வாங்குகிறவர்கள், மொத்த எடையை ஒரே வரியில் போட்டுக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்குவது நல்லது. பத்து வருடம் கழித்து அதில் வளையலை மட்டும் விற்கும்போது, வளையலின் விலை எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

குறித்த தரம் இல்லை என்று சோதனையில் தெரிந்தால், 2018-ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். விதிகளின்படி, தரக் குறைவுக்கான வித்தியாசத் தொகையின் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குச் சேர வேண்டும். செயலியிலேயே புகார் செய்யலாம், சென்னையில் பி.ஐ.எஸ். அலுவலகம் தரமணியில் இருக்கிறது. நிகர எடையும் தர எண்ணும் அச்சான பில் இல்லாமல் அந்த வித்தியாசத்தைக் கணக்கிடவே முடியாது.

விற்கும் நாளில்

வாங்கிய கடைக்கே போனால் பில்லைப் பார்த்து, எடை போட்டு, பெரும்பாலும் அன்றைய விலைக்கே எடுத்துக்கொள்வார்கள். புது நகை வாங்கினால் கழிவு குறையும், காசாகக் கேட்டால் கூடும். வேறு கடைக்குப் போனால் தரம் பார்க்கும் இயந்திரத்தில் வைப்பார்கள். அது எக்ஸ் கதிர் மூலம் மேல்பரப்பை மட்டும் படிக்கும். பற்றவைத்த இடத்தில் வைத்தால் எண் குறையும். மெருகு ஏறிய இடத்தில் கூடும். ஆகவே ஒரே இடத்து எண்ணை ஒப்புக்கொள்ளாமல் மூன்று இடத்தில் வைக்கச் சொல்வது நியாயம்.

அடுத்து வருகிற பெருக்கலில்தான் பெரிய தொகை தொலைகிறது. இயந்திரம் 91.0 என்று காட்டியது என்போம். கடைக்காரர் கணிப்பானில் கிராம் விலை 10,000-ஐ 0.91-ஆல் பெருக்கி, கிராமுக்கு 9,100 என்கிறார். 16 கிராமுக்கு 1,45,600. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நகை 91 சதவீதம்தானே. ஆனால் 10,000 என்பது 22 கேரட்டின் விலை. அதாவது 91.6 சதவீதத் தங்கத்துக்கே அந்த விலை. தரக் குறைவு அந்த விலைக்குள் ஏற்கெனவே கழிந்திருக்கிறது. மறுபடியும் கழிப்பது இரட்டைக் கழிவு. சரியான கணக்கு, 10,000-ஐ 91.0-ஆல் பெருக்கி 91.6-ஆல் வகுப்பது: கிராமுக்கு சுமார் 9,934, மொத்தம் சுமார் 1,58,950 ரூபாய். 0.91-ஆல்தான் பெருக்குவேன் என்றால் 24 கேரட் விலையைத்தான் பெருக்க வேண்டும். இரண்டு பெருக்கலுக்கும் இடையில் 13,000 ரூபாய்க்கு மேல் இருக்கிறது. சேதாரத்தில் அரை சதவீதத்துக்காக ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள், விற்கும்போது இந்த ஒரு பெருக்கலைக் கவனிக்காமல் வந்துவிடுகிறார்கள்.

உருக்கித்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னால் அதுவும் தவறில்லை. பல கண்ணிகளைப் பற்றவைத்த கயிறு சங்கிலியிலும், உள்ளே அரக்கு இருக்கும் நகையிலும் உருக்கினால்தான் உண்மை தெரியும். ஆனால் உருக்கிய பிறகு முத்திரையும் இல்லை, நகையும் இல்லை. விலை பிடிக்கவில்லை என்று எழுந்து வந்தாலும் கையில் இருப்பது ஒரு தங்கக் கட்டி. ஆகவே அடுப்பில் வைக்கும் முன்பே மூன்றைத் தாளில் எழுதி வாங்க வேண்டும்: கல்லை நீக்கிய எடை, எந்த நாளின் எந்த விலை, எந்தச் சூத்திரம். உருக்கிய பின் வரும் எடைக்கு, உருக்கிய பின் வரும் தரத்தைப் போட வேண்டும். உருக்குவதற்கு முன்பு படித்த குறைந்த தரத்தை, உருக்கிக் குறைந்த எடையோடு சேர்த்துப் போட்டால் அங்கேயும் இரட்டைக் கழிவுதான். கல் நகையில் பழைய பில்லின் நிகர எடை இருந்தால், 'கல்லுக்கு ஆறு கிராம் கழிக்கிறேன்' என்ற உத்தேசக் கழிவுக்கு இடமே இல்லை.

பழைய நகையைக் கடைக்கு விற்கும் தனிநபர் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை. வருமான வரி வேறு விஷயம். 2024 ஜூலை 23-க்குப் பிறகான விதிப்படி, 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம், செஸ் தனி. அதற்குள் விற்றால் லாபம் ஆண்டு வருமானத்தோடு சேரும். நமது சங்கிலியை மூன்று வருடம் கழித்து, கிராம் 15,000 ஆனபோது, அதே 2 சதவீதக் கழிவோடு விற்றால் 2,35,200 ரூபாய் கிடைக்கும். பில் இருந்தால் அதிலிருந்து 1,84,629-ஐக் கழித்து, 50,571 ரூபாய்க்கு மட்டும் வரி: 6,321 ரூபாய். வாங்கும்போது கொடுத்த சேதாரமும் ஜி.எஸ்.டி.யும் இங்கே கொள்முதல் விலையாகக் கழிகின்றன. நகைக்கடையில் திரும்பாத பணத்துக்கு இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மதிப்பு உண்டு. பில் இல்லாவிட்டால் கொள்முதல் விலையை மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்றவர் தலையில் விழும். அம்மாவிடமிருந்து வந்த நகை என்றால் அம்மா வாங்கிய விலைதான் கணக்கு. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால் அந்த நாளின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

பழையதைப் போட்டுப் புதியது வாங்குவதும் வருமான வரிக் கணக்கில் ஒரு விற்பனைதான். அப்போது இரண்டு தாள்கள் வேண்டும்: பழைய நகையை எந்த எடைக்கு, எந்தத் தரத்துக்கு, என்ன விலைக்கு எடுத்தார்கள் என்ற கொள்முதல் ரசீது, புது நகையின் முழு மதிப்பைக் காட்டும் பில். பழையது போக மீதி 40,000 கொடுத்தேன் என்பதற்காக பில்லும் 40,000-க்கே இருந்தால், பின்னாளில் அந்தப் புது நகையின் கொள்முதல் விலை 40,000 என்றுதான் நிற்கும். கடைகள் தருகிற பில்கள் பல வெப்பத்தாளில் அச்சானவை. பீரோவில் நகைப் பெட்டியோடு வைத்த தாள் இரண்டு மூன்று வருடத்தில் வெளுத்து வெறும் காகிதமாகிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்து, முத்திரையின் படத்தோடு சேர்த்துக் கைபேசிக்கு வெளியேயும் ஓர் இடத்தில் போட்டுவைக்க வேண்டும்.